பிள்ளை பிறக்கும் நாளுக்கு லீவு எழுதுவது எப்படி?

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சென்ற செப்டம்பரில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். எந்தத் தேதியிலேர்ந்து லீவு கேக்குறதுன்னே தெரியல" என்றார். மனைவிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து திருச்சுழியில் தாய்வீட்டில் இருக்கிறார். டாக்டர் சொன்ன நாள் அக்டோபர் 17.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசுப் பணியில் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான அருப்புக்கோட்டைக்கு வந்தாயிற்று. புதுச்சேரி அரசுக்கும் மத்திய அரசின் விடுப்பு விதிகள்தான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தந்தைமை விடுப்பைத் தேதிக்குக் கேட்கக்கூடாது, பிறப்புக்குத்தான் கேட்க வேண்டும். கொடுக்கிற அதிகாரியும் அப்படியே கொடுக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தென்காசி மாவட்டத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் 2023 மே 1 முதல் 90 நாள் விடுப்புக் கேட்டார். மனைவிக்கு மே 30 அன்று பிரசவம் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். முதலில் கிடைத்த விடுப்பு, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி ரத்தானது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அதன் பிறகு மே 1 முதல் 30 வரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்ததோ மே 31 அன்று! லீவு முடிந்த மறுநாள். அவர் வேலைக்குத் திரும்பவில்லை. ஜூன் மாதத்தில் பணியை விட்டு ஓடியவர் என்று அறிவித்துவிட்டார்கள். மறுபடியும் நீதிமன்றம். நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்து, அவரைப் பணியில் சேர்க்கச் சொன்னார். தந்தைமை விடுப்புக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

முப்பது நாள் கொடுத்தும் பிள்ளை பிறந்த நாளில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. கொடுத்தவர்கள் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனமில்லை. டாக்டர் எழுதிய தேதியைக் கெஜட்டில் வந்த தேதி மாதிரி எடுத்துக்கொண்டதுதான் வினை.

அந்தத் தேதி எப்படி வருகிறது? கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுகிறார்கள். மொத்தம் 280 நாள். தம்பியின் மனைவிக்கு அது ஜனவரி 10, அதனால் அக்டோபர் 17. ஆரம்ப மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இந்தக் கணக்கைச் சரிபார்க்கும். ஆனால் சொன்ன நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் இருபதில் ஒன்றுதான். 37 வாரம் முடிந்தால் பிரசவம் ஆகலாம், 42 வாரம் வரையும் போகலாம். தம்பியின் கணக்கில் அது செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 31 வரை. ஐந்து வாரம். கையில் இருக்கும் விடுப்போ 15 நாள். அதை எந்தத் தேதியில் வைத்தாலும் சூதாட்டம்தான்.

மத்திய அரசு விதியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 43-ஏ என்ற விதி. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ள ஆண் ஊழியருக்கு 15 நாள். பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்த பின் ஆறு மாதம் வரை எடுக்கலாம். அதற்குள் எடுக்காவிட்டால் காலாவதி. கணக்கில் உள்ள மற்ற விடுப்பில் இதைக் கழிக்க மாட்டார்கள். சாதாரணமாக மறுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் இளைஞர்கள் 'முன்பே எடுக்கலாம்' என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டு மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே பார்த்துக்கொள்ளத் தாயும் பாட்டியும் இருக்கிறார்கள். இவருக்கு வேலை வருவது பிறந்த பிறகுதான். ஆஸ்பத்திரியில் ஓடியாட, ரத்தம் வேண்டுமென்றால் ஆள் தேட, விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்பினால் கூடப் போக, இரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள.

நான் எழுதச் சொன்னது இதுதான்:

"என் மனைவியின் பிரசவம் 17-10-2025 வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். இது எங்கள் முதல் குழந்தை. பிரசவம் நிகழும் நாள் முதல் தொடர்ந்து 15 நாள் தந்தைமை விடுப்பு வேண்டுகிறேன். செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் இறுதி வரை எந்த நாளிலும் பிரசவம் ஆகலாம். ஆனவுடன் தொலைபேசியில் தெரிவித்து, பிறப்புக்கான சான்றைப் பின்னர் தருகிறேன். என் பொறுப்பில் உள்ள பதிவேடுகளின் நிலையைத் தனித்தாளில் எழுதியுள்ளேன்."

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். அதிகாரியின் கஷ்டமும் பொய்யில்லை. அக்டோபர் 20 தீபாவளி, 30 அன்று பசும்பொன் குருபூஜை. இந்த வட்டாரத்தில் அந்த வாரம் பஸ் ஓடுவதே நிச்சயமில்லை. அலுவலகத்தில் இருப்பது நாலு பேர். தேதி சொல்லாத விண்ணப்பத்தைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வருவது இயற்கை. வேலை யார் கைக்குப் போகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், என்றைக்கு என்ற கேள்வி அவரை அவ்வளவு உறுத்தாது.

இன்னொன்றும் சொன்னேன். வலி கண்ட அன்று அவசரத்தில் தற்செயல் விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து தந்தைமை விடுப்பு என்று தொடரக் கூடாது. தற்செயல் விடுப்பை வேறு விடுப்போடு சேர்க்க முடியாது, ஆடிட்டில் பிடிப்பார்கள். நாள் போதாவிட்டால் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துக் கேட்கலாம், அதற்கு விதி இடம் தருகிறது.

பிரான்சில் இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே அவிழ்த்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு மூன்று நாள் என்பது அங்கே 1946 முதல் உண்டு. 2021 ஜூலையிலிருந்து அதோடு சேர்த்து மொத்தம் 28 நாள். எதிர்பார்க்கும் தேதியை ஒரு மாதம் முன்பே முதலாளிக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை முந்திக்கொண்டால் உடனே தெரிவித்துவிட்டு லீவில் போகலாம். முன்னறிவிப்புக்குத் தேதி, லீவுக்குப் பிறப்பு என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். நம் ஊர் அலுவலகத்தில் இதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மேலே சொன்ன மாதிரி ஒரு விண்ணப்பமும் அதன்மேல் "பிரசவ நாள் முதல் அனுமதிக்கப்படுகிறது" என்று ஒரு குறிப்பும் போதும்.

தம்பிக்கு அக்டோபர் 23 விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மணிக்கு அதிகாரிக்குப் போன் போட்டார். லீவு அன்றிலிருந்து நவம்பர் 6 வரை. பத்தாம் தேதியிலிருந்து கேட்டிருந்தால் 24ஆம் தேதியோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவருடைய மச்சினன் அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். தனியார் வேலைக்காரருக்கு இந்த விதி எட்டாது. வரும் தை மாதம் அவர் வீட்டிலும் பிரசவம். சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி, அந்த ஐந்து வாரமும் பகல் ஷிப்ட் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.