வெட்டுங்க... ஆனா ‘மாமா வீடு’ கதையை விட்டுடுங்க!

ஒன்றரை மணி நேர பாட்காஸ்ட். அதன் சாரத்தைப் பத்து வரியில் எழுத வேண்டும். எழுத்து வடிவம் கையில் இருந்தாலும் பாதிக்கு மேல் விளம்பரமும் அரட்டையுமாக இருக்கும். அதில் எதை வெட்டுவது?

‘சொந்த வீடா, வாடகை வீடா?’ என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் மூலத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் கைவைக்க வேண்டும்.

முதல் சுற்றில் விளம்பரம். தொகுப்பாளரே பேச்சோடு பேச்சாகப் படித்துவிடுவதால் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. ‘கூப்பன் கோட்’, ‘லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு’ போன்ற சொற்களைத் தேடினால் சிக்கும். அங்கிருந்து மேலே போனால் தொடக்கம். ‘சரி, விஷயத்துக்கு வருவோம்’ என்ற இடம் முடிவு. நிமிடக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. சில பாட்காஸ்ட்களில் விளம்பரம் கேட்பவருக்கேற்ப தானாகச் செருகப்படும் என்பதால், ஆளுக்கு ஆள் நேரம் மாறும்.

ஒன்றை மட்டும் குறித்து வைக்க வேண்டும். இந்த உரையாடலுக்கு ஸ்பான்சர் ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் என்றால், விளம்பர வரிகள் போகலாம். அந்தத் தகவல் சுருக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது சுற்றில் நலம் விசாரிப்பு, சிரிப்பு, ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ எல்லாம் போகும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மூன்றாவது சுற்றுதான் சிக்கல். 52-வது நிமிடத்தில் விருந்தினர், ஓய்வுபெற்ற தன் மாமா ஊரில் வீடு கட்டிய கதையைச் சொல்கிறார். கிளைக்கதைதானே என்று கை தானாக டெலீட் பட்டனுக்குப் போகும். அழிக்காமல் தனியே ஒதுக்கிவிட்டு, ‘மாமா’ என்ற சொல் பிறகு எங்காவது வருகிறதா என்று தேட வேண்டும். 81-வது நிமிடத்தில் வருகிறது: “அதனாலதான், மாமா மாதிரி ஒரே ஊர்ல இருக்கப்போறவங்களுக்கு நான் சொன்னது பொருந்தாது.”

கதையோடு சேர்த்து இந்த வரியும் போயிருந்தால், ‘சொந்த வீடு வாங்காதீர்கள்’ என்றுதான் சுருக்கம் வந்திருக்கும். அவர் உண்மையில் சொன்னது வேறு: சில ஆண்டுகளில் ஊர் மாறக்கூடியவர்கள் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பத்திரச் செலவு திரும்பி வராது; நீண்டகாலக் கடனின் ஆரம்ப வருட இ.எம்.ஐ-யில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சுருக்கத்தைப் படித்து, வீட்டுக்குக் கொடுக்க இருந்த அட்வான்ஸை ஒருவர் நிறுத்திவிடலாம். அவர் அந்த மாமாவைப் போல ஒரே ஊரில் இருப்பவராகவும் இருக்கலாம்.

வெட்டி முடித்ததும் மிச்சத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ‘அதனாலதான்’, ‘முன்னாடி சொன்ன மாதிரி’ என்று வந்து, எதைச் சொல்கிறார் என்று புரியாவிட்டால், தேவையான ஒன்று வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மூலப் பிரதியிலிருந்து அதை மீட்ட பிறகே சுருக்கத்தை ஆரம்பிக்கலாம். என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார், யாருக்குப் பொருந்தாது... இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், பத்து வரி தாராளம்.