பதினேழாயிரத்து நூற்று நாற்பது

"அடுத்தவன் சம்பளத்தைப் பார்க்காதே, உனக்கு வருவதைப் பார்" என்று எங்கள் காலத்தில் மேலதிகாரிகள் உபதேசம் செய்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நேற்று வந்தவருக்கு இருபது வருடம் உழைத்தவரைவிட அதிகச் சம்பளம் என்றால், அது பொறாமை விஷயமே இல்லை. கணக்கில் உள்ள பிழை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவில் இப்படித்தான் நடந்தது. 1.1.2006க்குப் பிறகு 4600 கிரேடு பே உள்ள பதவியில் நேரடியாகச் சேர்ந்தவருக்குத் தொடக்கச் சம்பளம் 12,540. கிரேடு பே சேர்த்து 17,140. அதே பதவிக்குக் கீழிருந்து பதவி உயர்வில் வந்தவரின் கதை வேறு. உதாரணமாக, அவர் 11,170ம் கிரேடு பே 4,200ம் சேர்த்து 15,370 வாங்கிக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். மூன்று சதவீத இன்கிரிமென்ட் 470. கிரேடு பே 4,600 ஆகும். மொத்தம் 16,240தான். அனுபவசாலிக்கு 900 ரூபாய் குறைவு!

வெறும் தொள்ளாயிரம்தானே என்பார்கள். அதன் மேல் பஞ்சப்படி உண்டு, வருடா வருடம் மூன்று சதவீதம் உண்டு, கடைசியில் பென்ஷனும் அதிலிருந்துதான் வரும். சின்ன ஓட்டை, ஆனால் ஆயுள் முழுக்க ஒழுகும்.

இதைக் கேட்கும் விதத்தில்தான் பலர் தோற்றார்கள். "இத்தனை வருடம் உழைத்தேனே" என்று மனு எழுதினார்கள். கோப்பில் அனுதாபத்துக்கு இடமில்லை. 2018ல் நிதி அமைச்சகம் சீனியரின் சம்பளத்தை ஜூனியருக்குச் சமமாக உயர்த்தலாம் என்று சொன்னபோதும் நிபந்தனைகளோடுதான் சொன்னது. அந்தப் பதவிக்கான நியமன விதிகளில் நேரடி நியமனம் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஜூனியர் ஒருவர் உண்மையிலேயே இருக்க வேண்டும். இருவரும் ஒரே சீனியாரிட்டி பட்டியலில் இருக்க வேண்டும். ஜூனியரே இல்லாத பிரிவில் இருந்தவர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே மனுவுக்கு ஒரு பக்கம் போதும். இருவரின் பதவி, அந்தப் பதவிக்கு வந்த தேதி, பட்டியலில் வரிசை எண், அந்தத் தேதியில் அடிப்படைச் சம்பளம் எல்லாம் ஒரு கட்டத்தில் வரட்டும். கீழே, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. ஜூனியரைக் குறை சொல்லி ஒரு வரியும் வேண்டாம். அவர் சம்பளத்தைக் குறைக்க நாம் கேட்கவில்லை. வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏழாவது ஊதியக் குழு இந்த வித்தியாசத்தையே எடுத்துவிட்டது. அந்த 4600 கிரேடு பேதான் இப்போது ஏழாம் லெவல். நேரடியாக வந்தாலும் பதவி உயர்வில் வந்தாலும் 44,900க்குக் கீழே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரே ஒரு அட்டவணையில் தீர்க்க முடிந்த விஷயத்துக்குத்தான் அத்தனை பேரை மனு போட வைத்து, நீதிமன்றப் படியேற வைத்தார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.