'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தீர்களா? ஜப்பான் மேனேஜருக்கு ஒரு எளிய மெயில்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடும் இன்ஜினீயர்கள் பலரும் சந்திக்கும் சூழ்நிலை இது. இன்டர்வியூ எடுப்பவர் ஜப்பான்காரராகவோ கொரியக்காரராகவோ இருப்பார். இங்கிலீஷ் அவருக்கும் தாய்மொழி இல்லை, நமக்கும் இல்லை. நேரில் கையைக் காட்டி, பேப்பரில் வரைந்து சமாளித்துவிடலாம். ஆனால், பிறகு அனுப்பும் மெயிலில் வார்த்தை மட்டும்தான் பேசும்.

குவாலிட்டி இன்ஜினீயர் வேலைக்கு இன்டர்வியூ முடித்த ஒருவர், ஜப்பான் மேனேஜருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஐ பாஸ்டு அவுட் இன் 2023 வித் நோ அரியர்ஸ். ஐ ஹேவ் எ டவுட் ரிகார்டிங் ஷிஃப்ட். டோன்ட் யூ நீட் மை சர்ட்டிஃபிகேட்? ஐ கேன் ஜாயின் ஆன் 05/06. கைண்ட்லி டு த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்."

நமக்கு இதில் எல்லாமே புரிகிறது. அவருக்கு?

நம்மூர் இங்கிலீஷ்

'பாஸ்டு அவுட்' என்றால் வெளிநாடுகளில் பெரும்பாலும் 'மயங்கி விழுந்தேன்' என்று அர்த்தம். 'அரியர்ஸ்' என்றால் கட்டாமல் விட்ட பாக்கிப் பணம். 'டவுட்' என்பது கேள்வி அல்ல, நம்பிக்கையில்லாத சந்தேகம். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்கே திரும்புவது. டிக்‌ஷனரியைப் புரட்டிப் படிப்பவருக்கு இந்த அர்த்தங்கள்தான் முதலில் கண்ணில் படும். 'கிராஜுவேட்டட்', 'க்வெஸ்டின்', 'ரிப்ளை' என்று எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

அதற்காகத் தொழில் வார்த்தைகளையும் மாற்ற வேண்டாம். 'கேலிபரேஷன்', 'இன்ஸ்பெக்‌ஷன்' எல்லாம் அவர் தினமும் புழங்கும் சொற்கள். தடுக்குவது சாதாரண பேச்சு இங்கிலீஷ்தான்.

'வேண்டாமா?' என்று கேட்காதீர்கள்

'டோன்ட் யூ நீட்...?' என்ற கேள்விக்கு அவர் 'யெஸ்' என்று பதில் போட்டால் என்ன அர்த்தம்? "சர்ட்டிஃபிகேட் வேண்டாமா?" என்றால் நாம் தமிழில் "ஆமா, வேண்டாம்" என்போம். ஜப்பான் மொழியிலும் கொரிய மொழியிலும் அப்படித்தான். இங்கிலீஷ் வழக்கப்படி 'யெஸ்' என்றால் 'வேண்டும்'. அவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? 'டு யூ நீட்...?' என்று நேராகக் கேளுங்கள்.

'திங்கள் வரவா, செவ்வாய் வரவா?' என்பதும் அப்படித்தான். அதற்கும் 'யெஸ்' என்று பதில் வரலாம். ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் போதும்.

தேதியில் ஒரு மாதம்

05/06 நமக்கு ஜூன் 5. ஜப்பானிலும் கொரியாவிலும் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் அவருக்கு அது மே 6. அந்தத் தேதியில் உங்களுக்காக அவர் காத்திருக்க, நீங்கள் பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியடில் இருப்பீர்கள். மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராகவே எழுதுங்கள்.

இப்போது அதே மெயில்:

"தேங்க் யூ ஃபார் த இன்டர்வியூ ஆன் ஏப்ரல் 20.
ஐ கிராஜுவேட்டட் இன் 2023. ஐ பாஸ்டு ஆல் சப்ஜெக்ட்ஸ்.
ஐ கேன் ஸ்டார்ட் ஒர்க் ஆன் ஜூன் 5.
ஐ ஹேவ் டூ க்வெஸ்டின்ஸ்.
1. டஸ் திஸ் ஜாப் ஹேவ் நைட் ஷிஃப்ட்?
2. டு யூ நீட் மை டிகிரி சர்ட்டிஃபிகேட் நவ்?"

கேள்விகளுக்கு எண் போட்டிருப்பதால், அவர் '1. யெஸ், 2. நோ' என்று இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பிவிடலாம். சப்ஜெக்ட் லைனில் உங்கள் பெயர், வேலையின் பெயர், இன்டர்வியூ தேதி மூன்றும் இருக்கட்டும். ஜப்பான்காரர் என்றால் குடும்பப் பெயருடன் 'சான்' சேர்த்து அழைக்கலாம். அது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் என்பதால் 'மிஸ்டரா, மிஸ்ஸா' என்ற குழப்பம் வராது.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு கேள்வி கேட்டு ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால், மற்றது புரியாமல் போயிருக்கலாம். அதே வாக்கியத்தைத் திரும்ப அனுப்பாமல், அந்த ஒரு கேள்வியை மட்டும் வேறு எளிய வார்த்தையில் கேளுங்கள். பதிலே வராவிட்டால், நினைவூட்டும் முன் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் 'கோல்டன் வீக்' விடுமுறைகள். முடிவு அங்குள்ள தலைமை அலுவலகத்தில் எடுக்கப்படுவதாக இருந்தால், அந்த நாட்களில் இங்கிருக்கும் மேனேஜரிடமும் பதில் இருக்காது. விடுமுறை முடிந்து இரண்டு மூன்று வேலை நாட்கள் விட்டு, பழைய மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதினால் போதும்.