பாட்டி வாயசைக்கிறாங்க... குரல் எங்கே?

பழைய மெமரி கார்டில், 2007-ல் பட்டன் போனில் எடுத்த பாட்டியின் வீடியோ கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் பாட்டி வாயசைக்கிறார், குரல் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், ஃபைல் கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள்.

அந்தக் காலப் போன்கள் வீடியோவை .3gp ஃபைலாகச் சேமித்தன. அதில் குரல் பெரும்பாலும் ஏ.எம்.ஆர். என்ற முறையில் இருக்கும். தொலைபேசிப் பேச்சுக்காக உருவான இந்த முறை, இன்றைய பல பிளேயர்களுக்குப் புரியாது. ஃபைல் பெயரை .mp4 என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது.

முதலில் VLC பிளேயரில் திறந்து பாருங்கள். குரல் கேட்டால் ஃபைல் நன்றாக இருக்கிறது. அடுத்து HandBrake என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, Format பகுதியில் MP4, Video பகுதியில் H.264, Audio பகுதியில் AAC தேர்ந்தெடுத்து Start பட்டனை அழுத்துங்கள்.

படத்தின் அளவை மாற்ற வேண்டாம். அதில் இருப்பதே பெரும்பாலும் 176 x 144 புள்ளிகள்தான். பெரிதாக்கினால் தெளிவு கூடாது. மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும் என்பதால், அசல் .3gp ஃபைலையும் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "போதும்டா, காபி ஆறுது!"