கால் தவறி விழுந்தாராம்!

சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் அதை எழுத நம் ஊரில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது போல. "எதிர்பாராத விதமாகக் கால் தவறிக் கீழே விழுந்தார்." பேப்பரைத் திறந்தாலும் இதேதான், கான்ட்ராக்டர் எழுதும் விபத்து அறிக்கையிலும் இதேதான். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கும் கடுப்பைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

யோசித்துப் பாருங்கள். "கால் தவறி" என்று எழுதிய நிமிடமே தப்பு காலுக்குப் போய்விடுகிறது. காலுக்குச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கிடப்பார், மறுத்துப் பேச வரமாட்டார். பலகையும் பேசாது. ஆனால் அதை அளந்தால் பேசும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இன்ப்ளாண்ட் ட்ரெய்னிங்குக்குப் போன ஒரு சைட்டில் நடந்தது. முதல் மாடி வெளிப்பூச்சு. சவுக்குக் கம்பில் கட்டிய சாரம், மேலே பலகை. ஜன்னல் ஓரம் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரணையோடு கீழே வந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் போன அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் செல்போனில் இருபது போட்டோவுக்கு மேல் எடுத்துவிட்டார். பார்த்தேன். ரத்தக் கறை நாலு கோணத்தில். அறுந்த செருப்பு ஒன்று, க்ளோசப்பில். சாரத்தைப் பக்கவாட்டிலிருந்து முழுசாகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை! அறிக்கையில் என்ன வந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்: "தேய்ந்த செருப்புடன் கவனக்குறைவாக நடந்ததால் கால் தவறி..."

செருப்பு படத்தில் பொய் இல்லை. செருப்பு அங்கேதான் கிடந்தது. ஆனால் அது விழுவதற்கு முன்னால் அறுந்ததா, விழுந்தபோது அறுந்ததா, சாரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுற்றுப்புறம் இல்லாத க்ளோசப், எழுதுகிறவர் சொல்ல விரும்பியதற்கெல்லாம் தலையாட்டும்.

மேஸ்திரி அதற்குள் "தம்பி, அந்தப் பலகையைத் தூக்கி ஓரமாப் போடுங்க, ஆள் நடக்குற வழி" என்றார். "பத்து நிமிஷம் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினேன். அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிட்டது என்பது வேறு கதை.

முதலில் படம். தள்ளி நின்று நாலு பக்கமும் முழுச் சாரம், அப்புறம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள பகுதி, கடைசியில்தான் க்ளோசப். ஒவ்வொரு க்ளோசப்பும் இரண்டு தடவை: டேப் இல்லாமல் ஒன்று, டேப்பை விரித்து வைத்து ஒன்று. டேப் வைத்த படம் மட்டும் இருந்தால் "டேப்புக்கு அடியில் எதை மறைத்தீர்கள்" என்று கேட்பவர் கேட்பார்.

அடுத்தது ஸ்கெட்ச். ட்ராயிங் மாதிரி அழகாக இருக்க வேண்டியதில்லை, ஸ்கேலுக்கும் இருக்க வேண்டியதில்லை. மேலிருந்து பார்ப்பது ஒன்று, பக்கத்திலிருந்து பார்ப்பது ஒன்று, எண்கள் மட்டும் சரியாக இருக்கணும். முக்கியமான விஷயம், சாரத்தை வைத்து எதையும் அளக்காதீர்கள். நாளைக்குச் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். தூண் எங்கேயும் போகாது. கீழே கிடந்த பலகையின் முனை அ தூணிலிருந்து 3.10 மீட்டர், ஆ தூணிலிருந்து 2.45 மீட்டர். இந்த இரண்டு எண்ணும் இருந்தால் ஒரு வருஷம் கழித்தும் அதே புள்ளிக்குப் போய் நிற்கலாம். எந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தேன் என்பதையும் ஸ்கெட்சில் நம்பரும் அம்புக்குறியும் போட்டுக் குறித்தேன். செல்போன் படத்தில் கிட்ட இருப்பது பெரிசாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரியும், அதை நம்பித் தூரம் சொன்னால் மாட்டிக்கொள்வோம். படம் நிலைமையைக் காட்டும், அளவைச் சொல்ல வேண்டியது டேப்.

இனி கதைக்கு வருவோம். பலகை 3 மீட்டர் நீளம். சிமெண்ட் எடை போடும் தராசில் வைத்தேன், 20 கிலோ. சாரத்தில் எஞ்சியிருந்த மூன்று குறுக்குக் கம்புகளின் மேல் பக்கம் முழுக்கச் சாந்து சிந்திக் காய்ந்திருந்தது. பலகை உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பலகை அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. பலகையின் அடியிலும் கம்பு உரசிய தேய்மானம் தெரிந்தது: இடது முனையிலிருந்து 20, 115, 210 செ.மீ. தூரங்களில். வலது முனை அருகே 285-ல் நாலாவது தேய்மானமும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் கம்பைக் காணோம்! நிற்கும் சவுக்கில் கயிறு கட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. ஜன்னல் சட்டத்தை உள்ளே ஏற்றுவதற்காக முந்தின நாள் சாயங்காலம் அதை அவிழ்த்திருக்கிறார்கள். திரும்பக் கட்டவில்லை.

ஆக, பலகையின் கடைசி 90 செ.மீ. அந்தரத்தில். இடது முனையைக் கயிற்றால் கட்டிய தடமும் இல்லை. இப்போது அது சாரப் பலகை இல்லை, பார்க்கில் இருக்கும் சீசா. பலகையின் எடை அதன் நடுவில், அதாவது 150-ல். 210-ல் இருக்கும் கம்பிலிருந்து அது 60 செ.மீ. உள்ளே. 20-ஐ 60-ஆல் பெருக்கினால் 1200. 60 கிலோ ஆள் கம்பைத் தாண்டி 20 செ.மீ. போய் நின்றாலே அந்தப் பக்கமும் 1200. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்தால் பலகை தூக்கிவிடும். அவர் பூசிய ஈரப்பூச்சு நின்ற இடம் கம்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி. புதுச் செருப்பு போட்டிருந்தாலும் விழுந்திருப்பார், வெறுங்காலோடு நின்றிருந்தாலும் விழுந்திருப்பார்.

அமெரிக்காவின் ஓஷா விதி இதைத்தான் சொல்கிறது: 10 அடி வரை உள்ள பலகை, நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஆள் நின்றாலும் தூக்காத மாதிரி அமைக்கப்படவில்லை என்றால், தாங்கியைத் தாண்டி 12 அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது. நம் பலகை நீண்டிருந்தது சுமார் 35 அங்குலம்.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கூத்தா? எப்படி எழுதினாலும் நஷ்ட ஈடு வரும்தானே" என்று நண்பன் கேட்டான். 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்திலேயே வெறும் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது, உண்மைதான். ஆனால் குடித்திருந்தார், பாதுகாப்புக்கென்று போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்றால் மறுக்க வழி வைத்திருந்தார்கள். "கவனக்குறைவு" என்ற வார்த்தையிலிருந்து "சொல்லியும் கேட்கவில்லை" என்ற வார்த்தைக்கு ரொம்ப தூரம் இல்லை மக்களே. அதைவிட, "கால் தவறி" என்று ஃபைலை மூடினால் அந்த நாலாவது கம்பை யாரும் திரும்பக் கட்டப்போவதில்லை. அடுத்த ஆள் ஏறுவார்.

என் பக்க ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவரைத் தூக்கும்போது பலகையைக் கொஞ்சம் தள்ளியிருக்கிறார்கள். அதனால் தூணிலிருந்து நான் எடுத்த அளவு, பலகை விழுந்த இடம் இல்லை, நான் பார்த்தபோது கிடந்த இடம். ஸ்கெட்சில் அப்படியே எழுதி, தள்ளியவரிடம் கேட்டு எவ்வளவு என்பதையும் அவர் சொன்னபடி குறித்தேன். 285-ல் இருந்த கம்பை யார் அவிழ்க்கச் சொன்னார்கள் என்பதும் டேப்பில் தெரியாது. அதை ஆட்களிடம் கேட்டுத்தான் எழுதணும்.

சைட் இன்ஜினியர் முதலில் முறைத்தார். அப்புறம் ஸ்கெட்சை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அறிக்கையோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். "கவனக்குறைவாக" என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்தார். "கால் தவறி" மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலேயே 90 செ.மீ. என்று என் கையெழுத்தில் இருக்கிறது. படிப்பவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.