சொல் குறையலாம்; பொருள் குறையலாமா?

நேர்காணலில் பேசியதை அப்படியே அச்சிட்டால் படிப்பது கடினம். தயங்கும்போது வரும் ‘வந்து’, ‘அதாவது’ போன்ற சொற்களும், பாதியில் நின்று மீண்டும் தொடங்கும் தொடர்களும், கூறியது கூறலும் அதில் மிகுந்திருக்கும். அவற்றை நீக்குவது செம்மையாக்குநரின் கடமை. ஆனால், பேசியவரின் கருத்தோடு பிணைந்த சொல்லில் கத்தரி படும்போது செம்மையாக்கம் திரிபாகிவிடுகிறது.

ஓர் உழவர், “கடைமடைக்குத் தண்ணீர் நேரத்தில் வந்தால் இந்த நெல் நன்றாக விளையும்; அணையை முன்னதாகவே திறக்கப் போகிறார்களாம்” என்கிறார் எனக் கொள்வோம். இடம் போதாமையால் அது, “இந்த நெல் நன்றாக விளையும், அணையை முன்னதாகவே திறக்கப் போகிறார்கள்” எனச் சுருங்குகிறது. எஞ்சிய சொற்கள் அனைத்தும் அவருடையவையே. கருத்து மட்டும் அவருடையது அன்று. நிபந்தனை நீங்கியதால் எதிர்பார்ப்பு உறுதிமொழியாயிற்று. ‘ஆம்’ என்னும் ஈறு நீங்கியதால், பிறர் சொல்லக் கேட்ட செய்திக்கு அவரே பொறுப்பாளர் ஆனார். தண்ணீர் வராமல் பயிர் கருகினால், ஊரார் முன் பொய்யராக நிற்பவர் அவரே, வெட்டியவர் அல்லர்.

காட்சி ஊடகத்தில் சொல்லைத் தொடாமல் காலத்தை மாற்றியும் பொருளைத் திரிக்க இயலும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘அண்டர் தி கன்’ என்னும் ஆவணப்படம் அதற்குச் சான்று. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்காவிட்டால், குற்றவாளிகள் அதனை வாங்குவதை எவ்வாறு தடுப்பது என்று வர்ஜீனியாவின் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களிடம் கேட்டி கூரிக் வினவுகிறார். திரையில் ஏறத்தாழ 8 நொடிகள் அவர்கள் வாய்திறவாது அமர்ந்திருக்கின்றனர். விடையின்றித் திகைத்தார்கள் என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால், அவர்கள் உடனுக்குடன் விடையளித்ததை உரையாடலின் ஒலிப்பதிவு காட்டியது. அந்த மௌனம் வேறொரு நேரத்தில் எடுக்கப்பட்ட காட்சி. வினாவைப் பார்வையாளர் எண்ணிப் பார்ப்பதற்காகவே அந்த இடைவெளி என்றார் இயக்குநர். அது தவறான எண்ணம் தருவதாக ஒப்புக்கொண்டு கூரிக் வருத்தம் தெரிவித்தார். அவதூறு வழக்கு தள்ளுபடியாயிற்று. எனினும், சட்டத்தின் முன் குற்றமாகாத ஒன்று நேர்மையாகிவிடாது.

பக்கமும் நேரமும் அளவுடையவை. எல்லாவற்றையும் வெளியிட இயலாது என்பர். அது உண்மையே. ஆயினும், இடம் இல்லையெனில் ஒரு விடையை முழுமையாக விட்டுவிடலாம். அதன் பாதியை மட்டும் வைத்துப் பொருளை மாற்றுதல் ஆகாது. சுருக்கிய விடையை, கேட்ட வினாவுக்கு அருகில் வைத்து மூலப்பதிவோடு ஒப்பிடுதல் வேண்டும். ‘ஆனால்’, ‘என்றால்’, ‘ஒருவேளை’ போன்ற சொற்கள் நீங்கிய இடங்களை மறுமுறை நோக்குதல் வேண்டும். பேசியவர் அதனைப் படித்து, “நான் இப்படிச் சொல்லவில்லையே” என்று கூறும் நிலை வருமாயின், நீக்கிய சொல்லைத் திரும்பச் சேர்ப்பதே முறை.