துணிமூட்டைக்குள் ஒளிந்த வட்டி

வட்டி ஹராம் என்பதில் நம்மவர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் அதே வட்டி ஒரு துணிமூட்டைக்குள் ஒளிந்து வந்தால், "இது வட்டியன்று, வியாபாரம், நம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே கூடுமென்று சொல்லியிருக்கிறார்கள்" என்று வாதிப்போர் உளர். இமாமவர்களின் சொல்லில் ஒரு பாதியை எடுத்து மறுபாதியை மறைக்கும் வாதம் இது. இதை நாம் மறுக்கிறோம்.

அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் தேவை. பணக்காரர் கடன் கொடுக்கவில்லை. தம்மிடமுள்ள துணிமூட்டையை ஓராண்டுத் தவணையில் 1,200 ரூபாய்க்கு அவருக்கு விற்கிறார். வாங்கியவர் அங்கேயே அம்மூட்டையைப் பணக்காரருக்கே 1,000 ரூபாய் ரொக்கத்துக்குத் திருப்பி விற்கிறார். மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று கைமாறியது ஆயிரம். ஆண்டு முடிவில் வரவேண்டியது ஆயிரத்து இருநூறு. ஃபிக்ஹு நூல்கள் இதனைப் 'பைஉல் ஈனா' என்று அழைக்கின்றன. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் கடந்துவிடும் இத்தகைய உபாயத்துக்கு 'ஹீலா' என்று பெயர்.

இமாம் அபூஹனீஃபா, இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகிய மூவரும் இவ்வாறு திருப்பி வாங்குவதைச் செல்லாது என்றே தீர்ப்பளித்தனர். மாலிக்கீ அறிஞர்கள், தீமைக்கு இட்டுச் செல்லும் வழியையே அடைத்துவிட வேண்டும் என்னும் விதியின்மீது இத்தீர்ப்பை நிறுத்தினார்கள்.

ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) மறைந்த இமாம் ஷாஃபிஈ அவர்களோ இரு விற்பனைகளும் செல்லும் என்றார்கள். ஏன்? வட்டியின்மீது இரக்கமா? இல்லை. நீதிபதி வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. சந்தேகத்தைக் கொண்டு விற்பனைகளை முறிக்கத் தொடங்கினால், நேர்மையாக விற்று, பின்னர் நேர்மையாகவே திருப்பி வாங்கியவனின் வியாபாரமும் குலைந்துபோகும். வலுவான நியாயம்தான். ஆனால், வெளியே சொன்னால் விற்பனையைக் கெடுத்துவிடக்கூடிய நிய்யத்தை உள்ளே வைத்துக்கொள்வதைத் தாம் வெறுப்பதாகவும் அவ்விமாமே சொல்லியிருக்கிறார்கள். திருப்பி விற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவே சொல்லிவிட்டால், அவர்களிடத்திலும் விற்பனை பாழே. நீதிமன்றம் தண்டிக்காது என்பது வேறு. மறுமையில் கேள்வி இல்லை என்பது வேறு. இதுதான் மறைக்கப்படும் மறுபாதி.

இதை ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நன்கு உணர்ந்திருந்தார்கள். ஆண்டு நிறைவுறும் தறுவாயில் சொத்தை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து ஸகாத்திலிருந்து தப்பும் உபாயத்தை 'இஹ்யா'வில் எடுத்துக்கொண்டு, உலகச் சட்டத்தின் கணக்கு அதனால் தீரலாம், மறுமையில் அது பெருங்கேடு என்று எச்சரித்தார்கள்.

ஹீலாவை ஆதரிப்போர் கைபர் பேரீச்சம்பழ ஹதீஸையும் காட்டுவர். மட்டமான பழம் இரண்டு ஸாவு கொடுத்து உயர்ந்த பழம் ஒரு ஸாவு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, மட்டமானதைத் திர்ஹமுக்கு விற்று, அந்தத் திர்ஹமைக் கொண்டு நல்லதை வாங்கப் பணித்தார்கள். யாரிடம் விற்றானோ அவனிடமே வாங்கக் கூடாதென்று கூறவில்லையே என்பது இவர்கள் வாதம். இதற்கு இப்னுல் கய்யிம் (ரஹ்) மறுமொழி தந்திருக்கிறார்கள்: அங்கே ஏவப்பட்டது மெய்யான விற்பனை. விற்பவனுக்குப் பழத்தை விற்பதே நோக்கம், வாங்குபவனுக்குப் பழமே வேண்டும். நம் துணிமூட்டையை யாருக்கும் வேண்டாமே!

அடையாளம் காண்பது எளிது. சரக்கு புறப்பட்ட கைக்கே திரும்புகிறதா? தரத்தையோ விலையையோ யாரேனும் விசாரித்தார்களா? துணிக்குப் பதில் மிளகு மூட்டையை வைத்தாலும் கணக்கு மாறாதிருக்கிறதா? மாறாதெனில் அங்கே சரக்கு வெறும் திரை.

இது பழங்கதையுமன்று. மலேசிய வங்கிகளில் ஈனா முறை நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டது. வளைகுடா அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. சரக்கை மூன்றாமவருக்கு விற்றுப் பணமாக்கும் வேலையை வங்கியே முன்கூட்டி ஏற்பாடு செய்து தரும் முறையையும், 2009இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி கூடாதென்று முடிவு செய்தது.

ஹீலாக்களைக் காட்டி ஃபிக்ஹையே ஏமாற்றுக் கலை என்று ஏளனம் செய்வோரையும் நாம் ஏற்கவில்லை. இக்கட்டில் சிக்கியவனுக்கு ஹராமைத் தொடாமல் வெளியேற வழி காட்டியது சட்ட அறிஞர்களின் பெருங்கருணை. ஆனால் ஹராமிலிருந்து வெளியேறும் வாசல் வேறு, ஹராமுக்குள் நுழையும் வாசல் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டு உள்ளே நுழைகிறவர், நுழையட்டும். ஷாஃபிஈ இமாமின் பெயரைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.